ஏழு வருடப் பழைய போன் பில்லுக்கு வசூல் ஏஜென்சி கேட்ட 4,870 ரூபாய்

2025 ஜனவரி கடைசியில், ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் பெண்மணிக்கு ஒரு போன் வந்தது. கோவையில் அவர் வேலை பார்த்த காலத்தில் வைத்திருந்த போஸ்ட்பெய்டு எண்ணுக்கு 4,870 ரூபாய் பாக்கி இருப்பதாகவும், கோப்பு இப்போது வசூல் ஏஜென்சியிடம் வந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்த எண்ணை அவர் விட்டது 2018 ஜூனில். நுகர்வோர் விஷயங்களில் அவ்வப்போது உதவி செய்பவன் என்பதால் காகிதங்கள் என்னிடம் வந்தன. அவர் பெயரும், நிறுவனத்தின் பெயரும், ஏஜென்சியின் பெயரும் இங்கே வேண்டாம்.

நான் முதலில் கேட்டது, இதுவரை எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பதில் எழுதினீர்களா என்பதுதான். இல்லை என்றார். போனில் மட்டும் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போயிருக்கிறது:

"மேடம், முழுசா வேண்டாம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு ஐநூறு மட்டும் போட்டுட்டு, மீதியை ரெண்டு தவணையில கட்டுறேன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்புங்க. மேல போகாம நான் நிறுத்தி வைக்கிறேன்."

"எதுக்கு சார் இவ்வளவு தொகை? நான் கடையில சொல்லித்தானே கனெக்‌ஷனை விட்டேன்?"

"அதெல்லாம் சிஸ்டத்துல இல்ல மேடம். கட்டலைன்னா எஃப்.ஐ.ஆர். ஆகிடும்."

இந்த உரையாடலில் எஃப்.ஐ.ஆர். என்பது வெறும் மிரட்டல். பில் கட்டாதது சிவில் விவகாரம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு இணைப்பு வாங்கினார் என்று காட்ட முடிந்தால் ஒழிய, அதில் மோசடிக் குற்றம் வராது. உண்மையான ஆபத்து பணிவாகக் கேட்ட அந்த ஒரு வரி வாட்ஸ்அப்பில் இருந்தது. ஏன் என்று புரிய, தேதிகளைக் கணக்குப் போட வேண்டும்.

தேதிக் கணக்கு

பாக்கிப் பணத்துக்காக நீதிமன்றம் போவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மூன்று வருடம். ஒவ்வொரு பில்லுக்கும் அதன் கடைசித் தேதியிலிருந்து தனித்தனியாக ஓடும். அவருடைய பழைய ஜிமெயிலில் தேடியதில் 2018 மே, ஜூன் மாத பில்கள் கிடைத்தன. ஜூன் மாத பில்லைக் கட்டக் கடைசி நாள் 2018 ஜூலை 12. ஆக, 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் பாதி ஆலோசனைகளும் இதோடு நிற்கின்றன.

ஆனால் நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை எந்த அவகாசக் கணக்கிலும் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஜனவரி 10 அன்று வந்த உத்தரவின் விளைவு, 2020 மார்ச் 15 அன்று எத்தனை நாள் மீதி இருந்ததோ அத்தனை நாள் 2022 மார்ச் 1 முதல் கிடைக்கும் என்பதுதான். நம் பில்லுக்கு அப்போது மீதி இருந்தது 484 நாள். அதை 2022 மார்ச் 1லிருந்து ஓட்டினால் 2023 ஜூன் கடைசிக்கு வந்து நிற்கிறது.

நிறுவனம் பிறகு அனுப்பிய விவரத்தில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கும் பில் போட்டிருந்தார்கள். கடைசி பில்லின் கடைசித் தேதி 2018 அக்டோபர் 12. அதற்கும் இதே கணக்கைப் போட்டால் 2023 செப்டம்பர் கடைசி. போன் வந்தது 2025 ஜனவரியில். எந்தப் பக்கம் பார்த்தாலும் வழக்குப் போடும் காலம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதே போன் 2022 கடைசியில் வந்திருந்தால் நிலைமை வேறு. "மூன்று வருடம் ஆயிற்றே" என்று நம்பி உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்.

காலம் கடந்தால் கடன் ஒழிந்துவிடுமா என்றால், இல்லை. நம் சட்டத்தில் கடன் அப்படியே இருக்கிறது. நீதிமன்றம் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. அதனால் நிறுவனம் பணிவாகக் கேட்கலாம், கடிதம் போடலாம். நீங்களாக மனமுவந்து கட்டிவிட்டால், காலம் கடந்த கடன்தானே என்று திருப்பிக் கேட்க முடியாது. வழக்குப் போட்டால், காலவரையறைச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, நீங்கள் அந்த வாதத்தை எடுக்காவிட்டாலும் நீதிமன்றமே அதைப் பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும். அதற்காக நிஜமான சம்மன் வந்தால் போகாமல் இருக்கக்கூடாது. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை மாற்றுவது பெரிய அலைச்சல்.

இப்போது அந்த வாட்ஸ்அப் வரிக்கு வருவோம். அவகாசம் முடிவதற்கு முன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 18ஆவது பிரிவின்படி மூன்று வருடம் அன்றிலிருந்து புதிதாக ஓடும். கையெழுத்தோடோ கைப்பட எழுதிய குறிப்போடோ ஒரு பகுதியைக் கட்டினாலும் 19ஆவது பிரிவின்படி அதே கதி. அவகாசம் முடிந்த பிறகு இந்த இரண்டு பிரிவும் வேலை செய்யாது. ஆனால் அங்கே வேறொரு கதவு திறந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு, காலம் கடந்த கடனைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்கிறது. அது புது ஒப்பந்தம், புது மூன்று வருடம். மின்னஞ்சலில் வந்த ஒப்புதலைக் கையெழுத்திட்ட எழுத்தாக நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வாட்ஸ்அப்புக்கும் அதே வாதத்தை வைப்பார்கள். ஆக, வெறும் 500 ரூபாய் கட்டியிருந்தால் 500 ரூபாய்தான் நஷ்டம். "மீதியைத் தவணையில கட்டுறேன்" என்ற வரியை அனுப்பியிருந்தால், செத்துப்போன 4,870 ரூபாய்க்கு அவரே உயிர் கொடுத்திருப்பார். போனில் வாயால் சொன்னது எதற்கும் ஆகாது. அந்த மட்டில் அவர் தப்பித்தார்.

ஏஜென்சி யார், அதற்கு என்ன அதிகாரம்

இந்த விவகாரத்தில் ஏஜென்சி பாக்கியை விலைக்கு வாங்கவில்லை. நிறுவனத்தின் சார்பில் வசூலிக்கும் ஆள் மட்டும்தான், கடன் நிறுவனத்தோடுதான். நம் ஊர் போன் பில் விவகாரங்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. எனவே நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேட்கலாம், தொகை எப்படி வந்தது என்ற விவரத்தைக் கேட்கலாம், பணத்தை ஏஜென்சியின் யுபிஐக்கு அனுப்ப மறுத்து நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுவேன் என்று சொல்லலாம். பணம் ஏஜென்சியின் ஊழியருக்குப் போய், நிறுவனத்தின் பதிவில் பாக்கி அப்படியே நிற்பது அடிக்கடி நடக்கிற கதை.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைப் பலர் ஏஜென்சியிடம் சொல்லி வாதாடுகிறார்கள். அது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் போட்ட விதி. தொலைத்தொடர்பு நிறுவனம் ரிசர்வ் வங்கியின் கீழ் இல்லை. இங்கே கைகொடுப்பது பொதுச் சட்டம்: மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவு, சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாமா என்ற பழைய குழப்பத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, விசாரிக்கலாம். இவருக்கு மிரட்டல் அழைப்புகளின் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர், கோடு போட்டுப் பத்தி பிரித்து எழுதியிருந்தார்.

பிறகு நிறுவனத்துக்கு, ஏஜென்சிக்கு அல்ல, ஒரு கடிதம் போனது. அதில் இருந்த முக்கியமான வரிகள்:

"தாங்கள் கோரும் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் கடனை ஏற்றதாகவோ, கட்டுவதாக உறுதி கூறியதாகவோ கொள்ளக்கூடாது. கோரிக்கை காலவரையறையைக் கடந்தது. மாதவாரியான பில் நகல், இணைப்பைத் துண்டித்த தேதி, என் டெபாசிட் தொகையை வரவு வைத்த விவரம், ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பவும். இனி எழுத்து மூலம் மட்டுமே தொடர்புகொள்ளவும்."

முதல் மூன்று வாக்கியங்கள் இல்லாமல் இப்படிக் கடிதம் போடுவது ஆபத்து. "கஷ்டத்தில் இருந்ததால் கட்ட முடியவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று இளகி எழுதப்படும் கடிதங்கள்தான் பின்னால் நிறுவனத்தின் கையில் ஒப்புதலாகப் போய் நிற்கின்றன.

நீதிமன்ற முத்திரையோடு வந்த நோட்டீஸ்

பிப்ரவரி நடுவில் ஒரு தபால் வந்தது. மேலே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, கீழே முத்திரை, மார்ச் 8 அன்று தேசிய மக்கள் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும் என்ற வாசகம். அம்மணி அன்று சாப்பிடவே இல்லை. கோர்ட்டிலிருந்து தபால் வந்ததென்று தெருவில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. ஏஜென்சி ஆட்களும் அன்றே கூப்பிட்டு "பார்த்தீங்களா மேடம்" என்றார்கள்.

இப்படி நோட்டீஸ் வந்தால் முதல் வேலை, அது நிஜமா என்று பார்ப்பது. போலியாக அச்சடித்து அனுப்புகிறவர்களும் உண்டு. நோட்டீஸில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நோட்டீஸில் அச்சடித்திருக்கும் கைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சரிபார்ப்பதில் பயன் இல்லை, அது ஏஜென்சியின் எண்ணாகவே இருக்கலாம். இது நிஜ நோட்டீஸ்தான். ஆனால் வழக்கு எதுவும் இல்லை. வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசம் பேசிப் பார்க்கலாம் என்று நிறுவனங்கள் பழைய பாக்கிப் பட்டியலை மொத்தமாகக் கொடுக்கின்றன. ஆணைக்குழு எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்புகிறது. காலம் கடந்ததா இல்லையா என்று அந்தக் கட்டத்தில் யாரும் சலித்துப் பார்ப்பதில்லை.

இந்த மக்கள் நீதிமன்றம் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்புத் தர முடியும். போகாவிட்டால் அபராதமோ வாரண்டோ எதிர்த் தீர்ப்போ கிடையாது. ஆனால் போய், அமர்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பதறி, "சரி, 3,000 கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டுவிட்டால், சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு இல்லை. ஏஜென்சி ஏழு வருடத்தில் சாதிக்க முடியாததை ஒரு மேஜைக்கு முன் ஐந்து நிமிடத்தில் சாதித்துக்கொண்டு போய்விடும். இந்த ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான், ஆனால் காலம் கடந்த பில்களை இதற்குள் தள்ளுவதை நான் நியாயமாக நினைக்கவில்லை.

நோட்டீஸில் "நிரந்தர மக்கள் நீதிமன்றம்" என்று இருந்தால் கதை வேறு. தொலைபேசி போன்ற பொதுச் சேவைகளுக்காக அமைந்த அந்த அமைப்பு, சமரசம் ஆகாவிட்டாலும் தானே தீர்ப்பளிக்கலாம். அதற்குக் கட்டாயம் போய், காலவரையறை உட்பட எல்லா வாதத்தையும் எழுத்தில் வைக்க வேண்டும். "நிரந்தர" என்ற ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஆணைக்குழுவே இலவச வக்கீல் தரும் என்பது பலருக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது.

இவர் மார்ச் 8 அன்று போனார். போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லியும், போய்ச் சொல்லிவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும் என்றார். கோரிக்கையை ஏற்கவில்லை, காலம் கடந்தது, சமரசத்துக்குச் சம்மதம் இல்லை என்று எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். சம்மதம் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்படியும் ஏன் கொஞ்சம் கட்டினார்

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு வீட்டுக் கடன் எடுக்கும் யோசனை இருந்தது. சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம்; வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். அதில் வங்கிக் கணக்குகளுக்குக் கீழே "டெல்கோ வயர்லெஸ்" என்ற வகையில் ஒரு பதிவு, "ரிட்டன் ஆஃப்", அதாவது வராக்கடனாகக் கணக்கிலிருந்து தள்ளியது என்ற நிலையோடு, 2,754 ரூபாய். காலவரையறைச் சட்டம் நீதிமன்றத்துக்குத்தான் பூட்டுப் போடுகிறது, இந்த அறிக்கைக்கு அல்ல. பழைய பதிவைக் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஒரு வகையில் இந்தப் பதிவு உதவியும் செய்தது. ஏஜென்சி கேட்பது 4,870. நிறுவனம் சிபிலுக்குச் சொன்னது 2,754. மீதி 2,116 ரூபாய் எங்கிருந்து வந்தது? புகார் மையத்தில் டாக்கெட் எண் வாங்கிக் கேட்டதற்கு "ஏஜென்சியைத் தொடர்புகொள்ளவும்" என்று ஒரு வரியில் பதில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி அடுத்த படி, நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரி. 30 நாளுக்குள் அவரிடம் போக வேண்டும். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிப்பட்ட புகார்களைத் தானே விசாரிப்பதில்லை, எனவே அங்கே எழுதி நாளைக் கடத்தவில்லை.

மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் தொகையின் விவரம் வந்தது. 399 ரூபாய்த் திட்டம், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு மாதம் 470.82. மே, ஜூன் இரண்டு மாதமும் 100 ரூபாய் தாமதக் கட்டணமும் சேர்த்து 1,041.64. அவர் ஈரோட்டுக்கு வந்த பிறகான மூன்று மாத வாடகை 1,412.46, மேலும் 300 தாமதக் கட்டணம். இதுதான் 2,754.10. அதற்கு மேலான 2,116க்கு "வசூல் செலவு மற்றும் வட்டி" என்று மட்டும் இருந்தது. ஒப்பந்தப் படிவத்தில் வசூல் செலவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏஜென்சிக்குக் கொடுக்கும் கமிஷன் நிறுவனத்தின் செலவு, வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது. 2018இல் கட்டிய 500 ரூபாய் டெபாசிட் எங்குமே வரவு வைக்கப்படவில்லை. இணைப்பு மூடிய 60 நாளுக்குள் அதைத் திருப்பித் தரவோ கழிக்கவோ வேண்டும் என்பது அன்றைய டிராய் விதி. கறாராகப் பார்த்தால் அந்த 500ஐக் கேட்டு வழக்குப் போடும் காலம் அவருக்கும் முடிந்துவிட்டதுதான். ஆனால் கணக்கில் கழிக்காமல் விட்டது நிறுவனம்.

பலவீனமான இடம் ஒன்று உண்டு. கடையில் வாய்மொழியாகச் சொல்லி இணைப்பை விட்டதற்கு அவரிடம் ரசீதோ எண்ணோ இல்லை. ஆனால் அந்த மூன்று மாத பில்லிலும் ஒரு அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, ஒரு எம்பி டேட்டா கூட இல்லை. மேல்முறையீட்டில் நாங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டோம்.

நிறுவனம் இறங்கி வந்தது. மூன்று மாத வாடகையும் அதன் தாமதக் கட்டணமும் வசூல் செலவும் நீக்கம், டெபாசிட் கழிப்பு, மிச்சம் 541.64. மே, ஜூன் மாதங்களில் போனைப் பயன்படுத்தியது உண்மை என்பதால் அதைக் கட்ட அவருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் நிறுவனத்திடமிருந்து, இந்தத் தொகை கிடைத்ததும் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்று எழுதிய கடிதம். அதில் சிபிலுக்கு "குளோஸ்ட்" என்று அனுப்புவோம் என்ற உறுதி. பேச்சுவாக்கில் அவர்கள் சொன்னது "செட்டில்ட்". அந்தச் சொல் அறிக்கையில் ஏறினால், முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று வங்கி படிக்கும். திருத்திய பில்லே 541.64 என்னும்போது முழுத் தொகையையும்தானே கட்டுகிறார் என்று வாதாடி அந்தச் சொல்லை மாற்ற வைத்தோம். கடிதம் கைக்கு வந்த பிறகு, நிறுவனத்தின் சொந்தக் கடையில் 542 ரூபாயை ஒரே தடவையில் கட்டி ரசீது வாங்கினார். கட்டுகிறேன் என்று முன்கூட்டி எதுவும் எழுதித் தரவில்லை.

அறிக்கையில் பதிவு தானாக மாறவில்லை. சிபில் தளத்தில் அந்தப் பதிவின் மேல் ஆட்சேபம் எழுப்பி, கடிதத்தையும் ரசீதையும் காட்ட வேண்டியிருந்தது. இதற்கு 30 நாள் அவகாசம். அதற்குள் சரிசெய்யாவிட்டால், 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். இவருக்கு அது தேவைப்படவில்லை. பாக்கி பூஜ்ஜியம், நிலை "குளோஸ்ட்" என்று மாறியது.

செப்டம்பரில் வேறொரு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது, அதே எண்ணுக்கு அதே 4,870. பழைய பட்டியல் கை மாறிப் போயிருக்கிறது. அவர் நிறுவனத்தின் கடித எண்ணையும் தேதியையும் சொல்லி, நகலை எந்த மெயிலுக்கு அனுப்பட்டும் என்று கேட்டிருக்கிறார். எதிர்முனையில் மெயில் ஐடி சொல்லவில்லை.